கட்டுரைத் தொகுப்பு ஆய்வேட்டின் இணைப்பு அத்தியாயத்தை எதைக் கொண்டு மதிப்பிடுவது?

நெய்தல்

அனைவருக்கும் வணக்கம். நான் தமிழ்நாட்டில் பொதுச் சுகாதாரம் கற்பிக்கும் ஆசிரியை. நார்வேயில் உள்ள ஒரு பல்கலைக்கழகம், முனைவர் பட்ட ஆய்வேடு ஒன்றை மதிப்பிடும் மூவர் குழுவில் வெளி உறுப்பினராக என்னைச் சேர்த்திருக்கிறது. இதுவரை நான் தேர்வாளராக இருந்த ஆய்வேடுகள் எல்லாம் முன்னுரை தொடங்கி முடிவுரை வரை ஒரே நூலாக எழுதப்பட்டவை. இதுவோ நான்கு கட்டுரைகளின் தொகுப்பு. மூன்று இதழ்களில் வெளிவந்துவிட்டன, நான்காவது பரிசீலனையில் உள்ளது. அவற்றுக்கு முன்னால், நான்கையும் ஒரே வாதமாக இணைத்துக் காட்ட வேண்டிய 74 பக்க அத்தியாயம் இருக்கிறது.

என் சிக்கல் இதுதான். கட்டுரைகள் நான்கும் தனித்தனியே நன்றாக இருக்கின்றன. இணைப்பு அத்தியாயமும் தடையின்றி ஓடுகிறது, மேற்கோள்கள் சரியாக உள்ளன. ஆனாலும் இரண்டு முறை படித்து முடித்த பிறகு, இந்த நான்கும் சேர்ந்து சொல்லும் செய்தி என்ன என்று யாரேனும் கேட்டால் எனக்குப் பதில் வரவில்லை. இந்தக் குறை அத்தியாயத்தில் இருக்கிறதா, இத்தகைய ஆய்வேட்டுக்குப் பழகாத என் வாசிப்பில் இருக்கிறதா என்றும் தெரியவில்லை. "ஒருமைப்பாடு போதவில்லை" என்று அறிக்கையில் எழுதினால், அதை எந்த இடத்தில், எப்படிக் கண்டேன் என்று காட்ட வேண்டுமே. அனுபவம் உள்ளவர்கள் எப்படிச் செய்கிறீர்கள்? மந்தணம் கருதி ஆய்வேட்டின் பொருளை நான் இங்கே சொல்ல இயலாது.

பொருநை72

அம்மா, நீங்கள் தேவைக்கு அதிகமாகக் கவலைப்படுவதாகத் தோன்றுகிறது. மூன்று கட்டுரைகள் ஏற்கெனவே சக மதிப்பாய்வில் தேறியவை. ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று வல்லுநர்கள் துருவிப் பார்த்துத்தான் இதழ் ஏற்றிருக்கும். அப்படியிருக்க, இணைப்பு அத்தியாயம் என்பது நாற்பது ஐம்பது பக்கத்தில் பின்னணியையும் சுருக்கத்தையும் சொல்லும் முகவுரைதான். அதில் பிழையான தகவல் இல்லையா, கட்டுரைகளின் முடிவுகளைத் திரிக்காமல் சொல்லியிருக்கிறதா என்று பார்த்தால் போதும். அறிவியல் தரத்தை இதழ்கள் பார்த்துக்கொண்டன. தையல் முடிந்த சட்டைக்குப் பொத்தான் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் இனி உங்கள் வேலை.

வடதிசை

பொருநை ஐயா சொல்வதில் பாதியை ஏற்கிறேன். கட்டுரைகளின் முடிவுகளைத் திரிக்காமல் சொல்லியிருக்கிறதா என்று பார்க்கத்தான் வேண்டும். மற்றப் பாதியோடு உடன்பட முடியவில்லை. நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நோர்வேயில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பணியாற்றுகிறேன். இத்தகைய குழுக்களில் பல முறை இருந்திருக்கிறேன்.

முதலில், கட்டுரை இதழில் வந்துவிட்டது என்பதால் குழுவின் கை கட்டப்படுவதில்லை. குழு முழு ஆய்வேட்டையும் தன் பொறுப்பில் மதிப்பிடுகிறது. அதைவிட முக்கியமானது, இதழின் மதிப்பாய்வாளர் எவரும் இரண்டு கட்டுரைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்க மாட்டார் என்பது. ஒவ்வொருவர் கைக்கும் ஒரு துண்டுதான் போனது. துண்டுகள் ஒன்றோடொன்று சேரும் மூட்டு இருக்கிறதே, அதை இதற்கு முன் யாருமே சோதிக்கவில்லை. முதன்முதலாகச் சோதிக்கப் போகிறவர்கள் நீங்கள் மூவர்தான்.

இங்குள்ள விதிகளும் அதைத்தான் எதிர்பார்க்கின்றன. இணைப்புப் பகுதி கட்டுரைகளைச் சுருக்கிச் சொல்வதோடு நில்லாமல், அவற்றின் கேள்விகளையும் முடிவுகளையும் ஒரு முழுமையான நோக்கில் சேர்த்து வைத்து, ஆய்வேட்டின் ஒருமைப்பாட்டைக் காட்ட வேண்டும். அதை மாணவர் தனியாகவே எழுத வேண்டும். கட்டுரைகளில் ஐந்தாறு பெயர்கள் இருக்கும், மாணவர் முதல் பெயராக இருந்தாலும் எந்த வாக்கியம் யாருடையது என்று நமக்குத் தெரியாது. மாணவர் தாமாக என்ன சிந்திக்கிறார் என்பதற்குக் கையில் இருக்கும் ஒரே எழுத்துச் சான்று இந்த அத்தியாயம்தான். சுவீடனில் இதைக் 'கப்பா' என்பார்கள், மேலங்கி என்று பொருள். பொத்தான் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

ஆய்வுமாணவி_திருச்சி

இதே பிரச்சினைதான் எனக்கும். என் ஆய்வேட்டில் என் இரண்டு கட்டுரைகளின் பகுதிகளைச் சேர்த்திருக்கிறேன். ஒப்புமை சோதிக்கும் மென்பொருள் 34 விழுக்காடு காட்டுகிறது. 2018ஆம் ஆண்டின் யூஜிசி விதிப்படி 10 விழுக்காட்டைத் தாண்டினால் சிக்கல் என்கிறார்கள். இணைப்பு அத்தியாயத்தில் என் வாக்கியங்களையே நான் மாற்றி எழுத வேண்டுமா? எத்தனை பக்கம் இருந்தால் நல்லது?

நெய்தல்

தங்கையே, நீங்கள் கேட்பது எழுதுபவரின் பக்கத்துக் கேள்வி. நான் கேட்டது மதிப்பிடுபவரின் பக்கத்துக் கேள்வி. உங்கள் கட்டுரைகள் உங்கள் பெயரிலேயே வந்தவை என்பதை நெறியாளர் மூலமாக எழுத்தில் தெரிவித்து, அவற்றை விலக்கிவிட்டு மீண்டும் சோதிக்கச் சொல்லுங்கள். மேலும் கேட்க வேண்டுமானால் தனி இழை தொடங்குங்கள், நானும் வந்து பதில் தருகிறேன்.

வடதிசை ஐயா, மூட்டைச் சோதிப்பது என்கிறீர்களே, கையில் பென்சிலோடு உட்காரும்போது உண்மையில் என்ன செய்வீர்கள்?

வடதிசை

ஒரு பழைய ஆய்வேட்டைச் சொன்னால் எளிதாக விளங்கும். பல ஆண்டுகளுக்கு முன் முடிந்துபோன விடயம். மாணவரை அடையாளம் காண முடியாதபடி எண்களையும் சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன்.

பொருள், கிழக்கு ஆப்பிரிக்கக் கிராமங்களில் குடிநீர். மூன்று கட்டுரைகள். முதலாவது, 310 வீடுகளில் கிணற்றடியிலும் வீட்டுப் பானையிலும் நீர் எடுத்து ஈ.கோலை நுண்ணுயிர் உள்ளதா என்று பார்த்த ஆய்வு. கிணற்றடியில் பெரும்பாலும் தூய்மையாக இருந்த நீர், பானைக்கு வந்தபின் பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் கெட்டிருந்தது. இரண்டாவது, 28 பெண்களிடம் நீண்ட நேர்காணல்: நீரை ஏன் காய்ச்சுவதில்லை, ஏன் குளோரின் போடுவதில்லை? மூன்றாவது, சில கிராமங்களுக்குக் குளோரின் மாத்திரைகளை இலவசமாகக் கொடுத்து, மற்றக் கிராமங்களோடு ஒப்பிட்ட சோதனை. கடந்த 7 நாளில் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு இருந்ததா என்று தாயிடம் கேட்டார்கள். மாத்திரை பெற்ற கிராமங்களில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைந்ததாகப் பதிலில் தெரிந்தது.

இணைப்பு அத்தியாயத்தின் வாதம் அழகானது. நீர் கெடுவது கிணற்றில் அல்ல, வீட்டில். வீட்டில் அதைத் தூய்மைப்படுத்தாததற்கு இன்னின்ன தடைகள். தடையை நீக்கினால் நோய் குறைகிறது. இதை முதலில் படித்தபோது எனக்கும் பிடித்திருந்தது.

பிறகு வழக்கமாகச் செய்வதைச் செய்தேன். அத்தியாயத்தை மூடி வைத்துவிட்டு, அதன் வாதத்தை மூன்று வரியில் ஒரு தாளில் எழுதினேன். அதன்பின் கட்டுரைகளை மட்டும் படித்து, ஒவ்வொன்றும் எதுவரை பேசலாம் என்று அதே தாளில் குறித்தேன். மூன்றாவதாக, அத்தியாயத்தின் விவாதப் பகுதிக்குத் திரும்பி, வாக்கியம் வாக்கியமாகப் பென்சிலால் குறியிட்டேன். ஒரே கட்டுரை ஏற்கெனவே சொன்னதைத் திரும்பச் சொல்லும் வாக்கியத்துக்கு ஒரு கோடு. இரண்டு கட்டுரைகளைச் சேர்த்தால்தான் சொல்ல முடியும் என்ற வாக்கியத்துக்கு இரண்டு கோடு. எந்தக் கட்டுரையும் தாங்காத வாக்கியத்துக்கு வட்டம். அந்த 9 பக்கத்தில் ஒற்றைக் கோடு நூற்றுக்கு மேல் விழுந்தது. இரட்டைக் கோடு ஏழு. வட்டம் பதினைந்து. ஒருமைப்பாடு போதவில்லை என்ற என் உணர்வுக்கு அப்போதுதான் உருவம் கிடைத்தது.

அடுத்தது சொல். அத்தியாயம் முழுவதும் 'பாதுகாப்பான நீர்' என்ற தொடர் வந்துகொண்டே இருந்தது. முதல் கட்டுரையில் அதன் பொருள், 100 மில்லி லிட்டரில் ஈ.கோலை இல்லாத நீர். இரண்டாம் கட்டுரையில் அந்தப் பெண்கள் சொன்னது, தெளிவாகவும் குளிர்ச்சியாகவும் மணமில்லாமலும் இருக்கும் நீர். மூன்றாம் கட்டுரையில், ஒரு லிட்டருக்கு 0.2 மில்லி கிராமாவது எஞ்சிய குளோரின் உள்ள நீர். மூன்றும் வேறுவேறு. இன்னும் சொல்லப்போனால் இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றுக்கொன்று எதிரி, ஏனெனில் குளோரின் போட்டால் மணம் வரும். அத்தியாயம் இந்த மூன்றையும் ஒரே சொல்லால் மூடிவிட்டதால்தான் வாதம் அவ்வளவு வழுக்கிக்கொண்டு ஓடியது.

மூன்றாவது, தேதிகள். "நேர்காணல்களில் வெளிப்பட்ட தடைகளின் அடிப்படையில் மாத்திரைச் சோதனை வடிவமைக்கப்பட்டது" என்று அத்தியாயம் சொல்லிற்று. கட்டுரைகளின் முறையியல் பகுதிகளில் உள்ள மாதங்களை வரிசையாக எழுதிப் பார்த்தால், நேர்காணல் பெப்ரவரியிலிருந்து மே வரை. சோதனைக்கு வீடுகளைச் சேர்த்தது அதே ஆண்டு மார்ச். மே மாதம் முடிந்த ஆய்விலிருந்து மார்ச் மாதச் சோதனை எப்படிப் பிறக்கும்? அத்தோடு, பெண்கள் சொன்ன முதன்மையான தடை குளோரின் மணம். சோதனையில் நீக்கப்பட்டதோ விலை.

பொருநை72

தேதியைப் பிடித்தது சரி. ஆனால் இதை மாணவரின் பொய் என்று கருதிவிட வேண்டாம். ஆய்வு எங்கேதான் நேர்கோட்டில் நடக்கிறது? நிதி வரும் நேரம் ஒன்று, அனுமதி கிடைக்கும் நேரம் ஒன்று. முடிந்தபின் உட்கார்ந்து பின்னோக்கிப் பார்த்து ஓர் ஒழுங்கைக் கண்டுபிடிப்பதுதானே இணைப்பு அத்தியாயம்? பிரிட்டனில், முன்பே வெளியான கட்டுரைகளைத் திரட்டி முனைவர் பட்டத்துக்கு அளிக்கும் வழியில் முழு விளக்கவுரையும் பின்னோக்கி எழுதப்படுவதுதான்.

வடதிசை

பின்னோக்கிப் பார்ப்பதை நான் குறை சொல்லவில்லை ஐயா. முடிந்தபின் காணும் ஒழுங்கை முடிந்தபின் கண்டது என்றே சொன்னால் அது நல்ல சிந்தனை. தொடக்கத்திலிருந்தே இருந்தது என்று சொன்னால் ஒரு சான்றைப் பொய்யாகக் கூட்டுவதாகும். ஏனெனில், முன் ஆய்விலிருந்து வகுத்த ஊகத்தைப் பின் ஆய்வு சோதித்து நிறுவியது என்ற பெருமையை வாசகர் அந்த வாதத்துக்குக் கொடுத்துவிடுவார். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தவை என்று தெரிந்தால் அவ்வளவு கொடுக்க மாட்டார். அந்த மாணவர் வேண்டுமென்று செய்யவில்லை என்றே நானும் நம்புகிறேன். கதையாக எழுதத் தொடங்கினால் கை தானாக அப்படிப் போகும்.

ஆனால் அந்த ஆய்வேட்டில் என்னைப் பிடித்து நிறுத்தியது தேதி அல்ல. அதை இன்னும் சொல்லவில்லை. இரண்டாம் கட்டுரையின் நேர்காணல் பகுதியில், சுகாதாரப் பணியாளர் வந்து கேட்டால் நீரைக் காய்ச்சினோம் என்றுதான் சொல்வோம், வந்தவரை மனம் நோகச் செய்யக் கூடாதல்லவா என்ற கருத்தைச் சில பெண்கள் சொல்லியிருந்தார்கள். மூன்றாம் கட்டுரையின் ஓர் அட்டவணையில், முன்னறிவிப்பின்றிப் போய்ப் பார்த்தபோது பத்தில் நான்கு வீடுகளில்தான் நீரில் குளோரின் இருந்தது என்று இருந்தது. அதே கட்டுரை, அதே கிராமங்களில் வயிற்றுப்போக்கு கால்பங்கு குறைந்தது என்றும் சொல்கிறது. நோய் குறைந்ததற்குச் சான்று தாய்மார் வாயால் சொன்ன பதில் மட்டுமே. வெற்று மாத்திரை கொடுத்த ஒப்பீட்டுக் குழு இல்லை. யார் மாத்திரை பெற்றார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

இரண்டு கட்டுரைகளையும் சேர்த்துப் படித்தால் எழும் கேள்வி வெளிப்படையானது. இலவசமாக மாத்திரை கொடுத்துவிட்டு வாரந்தோறும் வந்து கேட்பவரிடம் அந்தத் தாய்மார் என்ன சொல்லியிருப்பார்கள்? ஒடிசாவில் வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டு நடந்த இருபக்க மறைப்புச் சோதனை 2013இல் வெளிவந்தது; அதில் வீட்டுக் குளோரின் மாத்திரையால் குழந்தைகளின் வயிற்றுப்போக்கு குறைந்ததாகத் தெரியவில்லை. அத்தியாயத்தின் இலக்கியப் பகுதியில் மாணவர் அதை மேற்கோளும் காட்டியிருந்தார். தம் கையில் இருந்த இரண்டு துண்டுகளோடு அதைச் சேர்த்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

எனக்கு இதிலிருந்து பழகிய சோதனை ஒன்று உண்டு. இணைப்பு உண்மையானதாக இருந்தால் ஒரு கட்டுரை இன்னொன்றைக் காயப்படுத்தவும் கூடும். மூன்றும் ஒன்றையொன்று தட்டிக்கொடுத்துக்கொண்டே போனால், அவற்றை யாரும் ஒரே அறையில் உட்கார வைத்ததில்லை என்று பொருள்.

மேலைக்காற்று

நான் சுவீடனில் இருக்கிறேன். வடதிசை அண்ணன் சொன்ன முறை எனக்குப் பயன்படும், ஆனால் எங்கள் நாட்டு நடைமுறையில் ஒரு முட்டுக்கட்டை உண்டு. இங்கே பொது மேடையில் நடக்கும் வாய்மொழித் தேர்வுக்கு மூன்று வாரம் முன்பே ஆய்வேடு அச்சாகி, பல இடங்களில் பழைய வழக்கப்படி ஒரு படியைப் பலகையில் ஆணியடித்தும் விடுவார்கள். அந்த மேடையில் மாணவரைக் கேள்வி கேட்க எதிர்வாதியாக வருபவர் கையில் கிடைப்பது அச்சான நூல். வட்டம் போட்ட பதினைந்து வாக்கியத்தையும் மாற்றி எழுதி வாருங்கள் என்று அந்த நிலையில் சொல்ல முடியாது. தேர்ச்சி அல்லது தோல்வி, இரண்டில் ஒன்று. ஆகவே நாங்கள் அந்த மூட்டுச் சிக்கலைக் கேள்வியாக மாற்றி மேடையில் கேட்கிறோம். இரண்டாம் கட்டுரையின் இந்தப் பத்தியையும் மூன்றாம் கட்டுரையின் இந்த அட்டவணையையும் திரையில் அருகருகே போட்டு, இவற்றைச் சேர்த்துப் படித்தால் என்ன சொல்வீர்கள் என்று கேட்பேன். நன்றாகச் சிந்திக்கும் மாணவர் ஒரு நிமிடம் பேசாமல் இருந்துவிட்டுப் பிறகு சரியாகப் பேசுவார். எழுத்தில் இல்லாததைப் பேச்சில் காட்டினால் அதற்கு மதிப்பு உண்டா என்பதில் எங்கள் குழுக்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. உண்டு என்பது என் நிலை.

வடதிசை

நோர்வேயில் ஒரு வழி கூடுதலாக உண்டு. குழு தன் இறுதி முடிவைச் சொல்வதற்கு முன், சிறிய திருத்தம் செய்ய அனுமதிக்கலாம் என்று பரிந்துரைக்கலாம். அதற்குப் பொதுவாக 3 மாதத்துக்கு மேற்படாத காலம். என்ன திருத்த வேண்டும் என்பதைக் குழு திட்டவட்டமாக எழுதிக் கொடுக்க வேண்டும். ஏற்கத்தக்கதல்ல என்று முடிவானால் மீண்டும் அளிக்க 6 மாதமாவது காத்திருக்க வேண்டும். குடிநீர் ஆய்வேட்டுக்கு நாங்கள் முதல் வழியைத் தேர்ந்தோம். 'பாதுகாப்பான நீர்' வரும் இடமெல்லாம் எந்தப் பொருள் என்று குறிக்கவும், தேதி வரிசையைச் சரிசெய்யவும், இரண்டாம் கட்டுரையின் வெளிச்சத்தில் மூன்றாம் கட்டுரையின் முடிவை மறுபடி வாசித்து எழுதவும் கேட்டோம். கட்டுரைகளில் ஓர் எழுத்தையும் தொடச் சொல்லவில்லை. திரும்பி வந்த அத்தியாயம் முன்னைவிடக் குட்டையாக இருந்தது. மாத்திரையால் நோய் குறைந்தது என்ற வாக்கியம் போய், குறைந்ததாகத் தாய்மார் சொன்னார்கள், அச்சொல்லை எவ்வளவு நம்பலாம் என்பதைத் தம் நேர்காணல்களே கேள்விக்குள்ளாக்குகின்றன என்று வந்திருந்தது.

கொடுமுடி

இதைப் படித்ததும் என் பழைய காயம் நினைவுக்கு வருகிறது. நான் வெளிநாட்டில் பட்டம் பெற்றவள். என் இணைப்பு அத்தியாயத்தில், எங்கள் இரண்டாவது கட்டுரையின் மாதிரி எடுப்பு முறை மூன்றாவது கட்டுரையின் முடிவைப் பலவீனப்படுத்துகிறது என்று ஒரு பத்தி எழுதியிருந்தேன். இரண்டு கட்டுரைகளிலும் என் நெறியாளரின் பெயர் உண்டு. வரைவைத் திருப்பித் தந்தபோது அந்தப் பத்தியின் மேல் குறுக்குக் கோடு. ஓரத்தில் "தேவையில்லை" என்று ஒரே சொல். நான் எடுத்துவிட்டேன். தேர்வாளர் ஒருவர் பின்னர் வாய்மொழித் தேர்வில், உங்கள் கட்டுரைகள் ஒன்றோடொன்று முரண்படும் இடமே இல்லையா என்று கேட்டார். நெறியாளர் முன்வரிசையில் அமர்ந்திருக்க நான் என்ன சொல்லியிருக்க முடியும்?

ஆகவே மதிப்பிடுபவர்கள் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். அத்தியாயத்தை மாணவர் மட்டும் எழுத வேண்டும் என்பது விதி. அதை முதலில் படித்து ஒப்புதல் தருபவர் கூட்டாசிரியர் என்பது நடைமுறை. மழுப்பலாக இருக்கும் இணைப்பு மாணவரின் திறமைக்குறைவா, அடக்கமா என்று தாளைப் பார்த்து மட்டும் தெரிந்துகொள்ள முடியாது.

பொருநை72

கொடுமுடி சொல்வதுதான் என் தயக்கத்துக்கும் காரணம், நான்தான் சரியாகச் சொல்லவில்லை. தேர்வாளர் நெறியாளரோடு கொண்ட கருத்து வேறுபாட்டை மாணவர் தலையில் இறக்கக் கூடாது. மற்றபடி, மூட்டை யாரும் சோதிக்கவில்லை என்ற கருத்தை ஏற்கிறேன். பொத்தான் உவமையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

வடதிசை

கொடுமுடி அம்மா சொன்னதற்கு என்னிடம் முழுமையான விடை இல்லை. நான் செய்வது, திருத்தம் கேட்கும்போது குழுவின் பெயரால் எழுத்தில் கேட்பது. அப்போது மாணவர் அந்தப் பத்தியை எழுதுவதற்கு நெறியாளரின் சம்மதம் தேவைப்படாது. குழு கேட்டது, எழுதினேன் என்று சொல்லிவிடலாம். மேடைக் கேள்வி அந்தக் காப்பைத் தருவதில்லை. மேலைக்காற்று தம்பி இதைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று தெரியவில்லை.

மேலைக்காற்று

உண்மைதான் அண்ணா. நான் அதை அந்தக் கோணத்தில் பார்த்ததில்லை. ஆனால் அச்சான நூலுக்கு வேறு வழியும் எனக்குத் தெரியவில்லை.

நெய்தல்

பத்து நாள் கழித்து எழுதுகிறேன், பொறுத்தருளுங்கள். வடதிசை ஐயா சொன்னபடியே பென்சிலோடு உட்கார்ந்தேன். விவாதப் பகுதி 74 பக்கத்தில் 6 பக்கம்தான் என்பதே எண்ணிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. மீதியெல்லாம் பின்னணி, கோட்பாடு, முறையியல், ஒவ்வொரு கட்டுரையின் சுருக்கம். ஆறு பக்கத்தில் இரட்டைக் கோடு மூன்றே இடத்தில். எனக்குப் பதில் வராததற்கு என் வாசிப்பு காரணமல்ல என்று நிம்மதி.

சொல் சோதனையில் பெரிதாக எதுவும் அகப்படவில்லை. மாணவர் தம் முதன்மைக் கருத்தாக்கத்தை முதல் பக்கத்திலேயே வரையறுத்து, கட்டுரைகளில் அது எப்படி மாறுகிறது என்றும் ஒரு பத்தியில் சொல்லியிருக்கிறார். தேதிகளும் பொருந்துகின்றன. நானாக ஒன்று செய்து பார்த்தேன். ஒவ்வொரு கட்டுரையையும் இல்லையென்று வைத்துக்கொண்டு, அத்தியாயத்தின் இறுதி முடிவு மாறுகிறதா என்று கேட்டேன். முதல் மூன்றில் எதை எடுத்தாலும் முடிவு சரிந்துவிடுகிறது. நான்காவதை எடுத்தால் ஒரு வரியும் அசையவில்லை. அது வினாப்பட்டியலாக அமைந்த ஓர் அளவுகோலைச் சரிபார்க்கும் கட்டுரை. மாணவர் அதில் மூன்றாவது பெயர். எண்ணிக்கைக்காகச் சேர்க்கப்பட்டதோ என்ற ஐயம் எனக்கு.

வடதிசை

அவசரப்பட வேண்டாம். அந்த அளவுகோலை மற்ற மூன்று கட்டுரைகளில் ஏதேனும் ஒன்று பயன்படுத்துகிறதா?

நெய்தல்

இரண்டாவது கட்டுரை பயன்படுத்துகிறது. ஆனால் சரிபார்ப்பு முடிவதற்கு முந்தைய வடிவத்தை. சரிபார்ப்பில் இரண்டு வினாக்கள் சரியாக வேலை செய்யவில்லை என்று நான்காவது கட்டுரை நீக்கியிருக்கிறது. அந்த இரண்டும் இரண்டாவது கட்டுரையின் மதிப்பெண்ணில் இருக்கின்றன. நீங்கள் கேட்ட பிறகுதான் போய்ப் பார்த்தேன்.

வடதிசை

அப்படியானால் நான்காவது கட்டுரை தேவையற்றதல்ல. இரண்டாவதன் முடிவு அந்த இரண்டு வினாக்கள் இல்லாமல் நிற்குமா என்பதுதான் அந்த அத்தியாயம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. தரவு மாணவர் கையில் இருந்தால், மறுபடி கணக்கிட்டு ஒரு பத்தியில் சொல்லிவிடலாம். 3 மாதம் தாராளம்.

நெய்தல்

அறிக்கையில் இதை இந்த வடிவிலேயே எழுதியிருக்கிறேன்: கட்டுரை 4இன் எந்த அட்டவணை, கட்டுரை 2இன் எந்தப் பக்கம், அத்தியாயத்தில் இது வந்திருக்க வேண்டிய இடம் எது என்று. "ஒருமைப்பாடு போதவில்லை" என்ற தொடரை எடுத்துவிட்டேன். குழுவில் இன்னொருவர் திருத்தம் கேட்கலாம் என்கிறார். மூன்றாமவரோ இது வாய்மொழித் தேர்வில் கேட்க வேண்டியதுதான், ஒரு நல்ல மாணவரை மூன்று மாதம் காக்க வைப்பது நியாயமல்ல என்கிறார். வியாழக்கிழமை மூவரும் இணையவழியில் பேசுகிறோம். இரண்டாவது கட்டுரையின் கூட்டாசிரியர் பட்டியலில் நெறியாளர் பெயர் கடைசியாக இருக்கிறது. கொடுமுடி எழுதியதை நினைத்துக்கொண்டுதான் அந்தக் கூட்டத்துக்குப் போகிறேன்.